அச்சம் மெய்யாகும் விதம்



வங்கியில் ‘போட்டு வைத்த’ பணம் என்கிறோம். அச்சொல் நம்மை மயக்குகிறது. பணம் பெட்டிக்குள் இருப்பதில்லை. நூறு ரிங்கிட்டில் பத்து கையிருப்பு, தொண்ணூறு வீட்டுக் கடன் என்று கொள்வோம். கடன் ஒழுங்காகத் திரும்பும். ஆயின் இருபது ஆண்டுகளில்தான். எல்லாரும் ஒரே நாளில் கேட்டால், வங்கி அக்கடனை எழுபதுக்கு விற்க நேரும். நலமாயிருந்த வங்கிக்கு இருபது ரிங்கிட் உண்மையாகவே குறைந்துவிடும். வதந்தியை நம்பாதவரும், பிறர் நம்புவர் என்றஞ்சி வரிசைக்கு வருகிறார். பொய் இவ்வாறுதான் மெய்யாகிறது.

2003 ஏப்ரலில் குசராத்தில் ஐசிஐசிஐ வங்கி பற்றி ஒரு வதந்தி பரவியது. பண இயந்திரங்களின் முன் மக்கள் திரண்டனர். வங்கியிடம் போதிய பணம் உண்டென இந்திய ரிசர்வ் வங்கி அறிவித்தது. ரொக்கமும் தடையின்றிக் கிடைத்தது. வரிசை கலைந்தது.

நம் நாட்டில் 1998 சனவரியில், நிதி நெருக்கடியின்போது, வைப்புத்தொகை முழுமைக்கும் உறுதி அளிக்கப்பட்டது. 2005 முதல் அப்பணி பிஐடிஎம் என்னும் காப்புறுதிக் கழகத்தினுடையது. இன்று ஓர் உறுப்பு வங்கியில் ஒருவருக்கு 250,000 ரிங்கிட் வரை காப்பு உண்டு. இழந்ததைத் தருவது அதன் ஒரு பயன். முந்தி ஓடவேண்டிய காரணத்தையே நீக்குவது பெரும்பயன்.

எனினும், 1986இல் 24 கூட்டுறவு வைப்பு நிறுவனங்கள் முடக்கப்பட்டதை மறவாதீர். அங்கே பல நிறுவனங்களில் நோய் அச்சமன்று, சீர்கெட்ட நிர்வாகம். கூட்டுறவுச் சேமிப்புக்கும் யூனிட் டிரஸ்டுக்கும் பிஐடிஎம் காப்பு இன்றும் இல்லை. ஆகவே, பணம் செலுத்துமுன் ‘இது காப்புக்கு உட்பட்டதா?’ என்று கேளுங்கள்.