பத்து பிட்டுக்குள் அடங்காத தகதிமி



தகவல் கோட்பாட்டை ஸ்லைடில் எப்படி விளக்குவது என்று பேசத்தான் இன்று கூடியிருக்கிறோம். என் வகுப்பில் ஒரு மாணவி எழுதிய விடை ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். பலகையில் நான் எழுதியிருந்த செய்தி, மிருதங்கம் கற்பவர்கள் வாயால் சொல்லிப் பழகும் சொற்கட்டு: தக திமி தக தக. மொத்தம் எட்டு எழுத்துகள். த 3 முறை, க 3 முறை, தி, மி தலா ஒரு முறை. இதைச் சுழியும் ஒன்றுமாக எழுதச் சொன்னேன். த = 0, க = 1, தி = 01, மி = 10 என்று வைத்து, பத்தே பிட்டில் முடித்துவிட்டாள்.

அடுத்த ஸ்லைடில் என்ட்ரப்பி இருந்தது. ஓர் எழுத்து எவ்வளவு அரிதோ, அது வரும்போது அவ்வளவு தகவல் கிடைக்கிறது என்பதே 1948-இல் கிளாட் ஷானன் எடுத்துக்கொண்ட அளவு. எட்டில் ஒரு முறை வரும் ‘தி’ தருவது 3 பிட். எட்டில் மூன்று முறை வரும் ‘த’ தருவது ஏறத்தாழ 1.415 பிட். இவற்றின் சராசரிதான் H = −Σ p log₂ p. நம் செய்திக்கு அது எழுத்துக்கு 1.81, எட்டு எழுத்துக்கும் சேர்த்து 14.49 பிட். “நான் பத்தில் முடித்துவிட்டேனே, ஐயா?” என்றாள் அவள். அந்தக் கேள்வி இல்லாமல் முன்னொட்டுக் குறிமுறைக்குப் போகவே கூடாது என்று அன்றிலிருந்து நினைக்கிறேன்.

அவள் எழுதியது 0101100101. அதைப் பக்கத்து பெஞ்சு மாணவனிடம் அட்டவணையோடு கொடுத்துப் படிக்கச் சொன்னேன். முதல் நான்கு இலக்கத்தை அவன் ‘தகதக’ என்று படித்தான். ‘திதி’ என்றும் படிக்கலாம், ‘தகதி’ என்றும் படிக்கலாம். எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டால் சரியாகும்; ஆனால் இடைவெளி என்பது மூன்றாவது குறி. மோர்ஸ் தந்தி அப்படித்தான் பிழைத்தது: அதில் E ஒரு புள்ளி, A புள்ளியும் கோடும், நடுவில் மௌனம் இல்லாவிட்டால் பிரிக்க முடியாது.

எந்தக் குறியும் இன்னொரு குறியின் தொடக்கமாக இருக்கக் கூடாது என்ற விதி இங்கேதான் பிறக்கிறது. அந்த விதிக்குள் மிகச் சிக்கனமான குறிமுறையைக் கண்டவர் டேவிட் ஹஃப்மன். எம்.ஐ.டி.யில் ராபர்ட் ஃபானோவின் வகுப்பில் தேர்வுக்குப் பதிலாக எழுதிய கட்டுரையில் அவர் கண்ட வழி, 1952-இல் அச்சேறியது. ஃபானோ மேலிருந்து பிரித்தார். ஹஃப்மன் கீழிருந்து சேர்த்தார். மிக அரிய இரண்டான தி, மி சேர்ந்து 2. அதனோடு க சேர்ந்து 5. அதனோடு த சேர்ந்து 8. மரம் முடிந்தது: த = 0, க = 10, தி = 110, மி = 111. செய்தி இப்படி ஆகும்:

```
0 10 110 111 0 10 0 10
010110111010010
```

மேல் வரி நாம் பார்க்க, கீழ் வரி அனுப்ப. இடமிருந்து படித்துப் பாருங்கள். எங்கும் ஐயம் வராது. 15 பிட்.

14.49-க்கும் 15-க்கும் இடையே உள்ள அந்த அரை பிட்டில் கொஞ்சம் நில்லுங்கள். த, க இரண்டும் சமமாகவே வருகின்றன, ஆளுக்கு 1.415 பிட் தான் நியாயம். ஆனால் குறியின் நீளம் முழு எண்ணாகத்தானே இருக்க முடியும்? ஒன்றுக்கு 1, மற்றதற்கு 2 என்று கொடுத்துவிட்டோம். பல ஸ்லைடுகளில் நிகழ்தகவுகளை 1/2, 1/4, 1/8, 1/8 என்றே வைக்கிறார்கள். அங்கே என்ட்ரப்பியும் ஹஃப்மன் நீளமும் ஒன்றாகவே வந்துவிடும். மாணவர்கள் இரண்டும் ஒன்றே என்று எண்ணிக்கொண்டு போவார்கள். அந்த எடுத்துக்காட்டைக் கைவிடுங்கள் என்று வேண்டிக் கேட்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. எழுத்துக்கு 2 பிட் கொடுத்தாலே இந்தச் செய்தி 16 பிட்டில் அடங்கும். நமக்கு மிச்சம் ஒரே பிட். பெறுபவருக்கு அட்டவணையையும் அனுப்பினால் அந்த மிச்சமும் போய், நட்டமே வரும். சுருக்கம் நீண்ட செய்தியில்தான் பலன் தரும். என்ட்ரப்பி செய்தியைத் தரும் மூலத்தின் குணம். எட்டு எழுத்தை வைத்து நாம் போட்டது அதன் மதிப்பீடு மட்டுமே.

தமிழில் பாடம் நடத்துபவருக்கு ஒரு தனிக் கேள்வி உண்டு: எதை ஓர் எழுத்தாக எண்ணுவது? நமக்கு ‘தி’ ஓர் எழுத்து. யூனிகோடில் அது த, இகரக் குறி என இரண்டு. அப்படி எண்ணினால் நம் செய்தி பத்து உறுப்பாகிறது: த 4, க 3, இகரக் குறி 2, ம 1. ஹஃப்மன் மரம் போட்டால் 19 பிட். அதே சொற்கட்டு, அதே வழி, நான்கு பிட் கூடுதல். இகரக் குறி ஒரு மெய்க்குப் பின்னால்தான் வரும் என்பது அந்த மரத்துக்குத் தெரியாது. தெரிந்த ஒன்றுக்கும் அது பிட் செலவிடுகிறது.

பிற்பகல் அமர்வில் ஸ்லைடு செய்து காட்டப்போகிறவர்கள் இந்த 15-ஐயும் 19-ஐயும் ஒரே ஸ்லைடில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும்படி கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.