ஐம்பது அகவையும் உடன்வந்தோரும்

(திண்டுக்கல்லில் தமிழன்பர் ஒருவரின் ஐம்பதாம் பிறந்தநாள் விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



ஐம்பதாண்டுகளை எவரும் தனியே வாழ்ந்து முடிப்பதில்லை. பாவலரேறு பெருஞ்சித்திரனார் 10-3-1933இல் பிறந்தவர். 1983இல் ஐம்பதை எட்டினார். அவ்வைம்பதைத் தாங்கிய தோள்கள் பல.

முதலாவது தோள் ஆசிரியருடையது. சேலம் கல்லூரியில் அவருக்குத் தமிழ் கற்பித்தவர் மொழிஞாயிறு பாவாணர். 1959இல் அம்மாணவர் ‘தென்மொழி’ தொடங்கியபோது, ஆசிரியரே அவ்விதழின் சிறப்பாசிரியராக நின்றார். மாணவரோ அப்போது அஞ்சல்துறைப் பணியாளர். ஆதலின் புனைபெயரில் எழுதினார்.

இரண்டாவது, துணைவியாருடையது. கமலம் என்னும் பெயரைத் தாமரை என மாற்றிக்கொண்டவர் அவர். இந்தியை எதிர்த்து எழுதியமைக்காகக் கணவர் 1965இல் வேலூர்ச் சிறை புகுந்தபோது, இல்லச்சுமை அவர்மேல் விழுந்தது.

மூன்றாவது, இதழன்பர்களுடையது. பாவாணரின் சொற்பிறப்பியல் அகரமுதலிப் பணிக்கு அவர்கள் திங்கள்தோறும் தொகை விடுத்தனர். 1974இல் அரசு அப்பணியை ஏற்றுப் பாவாணரை இயக்குநராக அமர்த்தியது.

ஆயினும், மாணவர் ஐம்பதை எட்டிய நாளில் ஆசிரியர் இல்லை. 1981 சனவரியிலேயே அவர் மறைந்துவிட்டார். நன்றி சொல்லக் காலம் காத்திருப்பதில்லை.

இன்றோ, நம் விழாவுக்குரியவரின் பள்ளித் தமிழாசிரியர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். மேடையில் குவிந்துள்ள துண்டுகளுள் முதலாவது அப்பெரியவரின் தோளுக்குரியது, அடுத்தது துணைவியார்க்கு, எஞ்சியவை இளமைமுதல் உடன்வந்த நண்பர்கட்கு.

விழாவுக்குரியவர் எழுக! இறங்கிச் சென்று அவற்றை அணிவிக்க!