‘தகவல் போதவில்லை’ என்பதும் ஒரு முடிவுதான்

(அண்ணாகிராமம் வட்டாரத்தில் இ-சேவை மையம் நடத்துவோருக்கும், அவர்களுக்குச் சிறு நிரல்கள் எழுதித் தரும் இளைஞர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

உங்களில் பலர் மனுதாரரை உட்கார வைத்து, நாலு கேள்வி கேட்டு, “உங்களுக்கு இந்தத் திட்டம் கிடைக்கும்”, “கிடைக்காது” என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்ல ஒரு சின்ன சரிபார்ப்பு நிரல் வைத்திருக்கிறீர்கள். நல்ல விஷயம். அந்த நிரலுக்குத் தெரிந்த பதில் இரண்டே இரண்டு: தகுதி உண்டு, தகுதி இல்லை. மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பதுதான் இன்றைக்கு என் பேச்சு. அது ‘தகவல் போதவில்லை’.

உதாரணத்துக்கு எல்லோருக்கும் தெரிந்த கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்டது. மாதம் 1000 ரூபாய். தொடக்கத்தில் வெளியான விதிகளில் மூன்று பொருளாதாரத் தகுதிகள் இருந்தன. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குக் கீழே இருக்க வேண்டும். நிலம் நன்செய் என்றால் 5 ஏக்கருக்குக் குறைவு, புன்செய் என்றால் 10 ஏக்கருக்குக் குறைவு. வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்குக் குறைவு. இவற்றை எடுத்துக்காட்டாக மட்டுமே சொல்கிறேன். இன்றைக்கு மனு போடும்போது நடப்பில் உள்ள அரசாணையைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது நிலத்தை மட்டும் பார்ப்போம். ஒரு அம்மா வருகிறார். “எவ்வளவு நிலம்மா?” “ஏழு ஏக்கருங்க.” “நன்செய்யா, புன்செய்யா?” “அது தெரியாதுங்க, நெல்லு போட்டிருக்கோம்.” உடனே நம் கை நன்செய் என்று தட்டப் பார்க்கும். நெல் என்றால் நன்செய்தானே! ஆனால் நிலத்தின் வகை இந்தப் போகத்தில் என்ன பயிர் என்பதை வைத்து வருவதில்லை. வருவாய்க் கணக்கில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் வகை. போர்வெல் தண்ணீரில் நெல்லோ கரும்போ நிற்கும் வயல், சிட்டாவில் புன்செய்யாகவே இருக்கலாம். 7 ஏக்கர் நன்செய் என்றால் தகுதி இல்லை. 7 ஏக்கர் புன்செய் என்றால் தகுதி உண்டு. நாம் ஊகித்த ஒரு சொல்லில் அந்த அம்மாவின் மாதம் 1000 ரூபாய் நிற்கிறது.

நிரலும் இதே ஊகத்தைத்தான் செய்கிறது, ஆனால் சத்தமில்லாமல். காலியான கட்டத்தைக் கணக்கில் போட்டால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். நிற்கக் கூடாதே என்று நாம் இப்படி எழுதிவிடுகிறோம்:

```python
units = form.get("units") or 0
return units < 3600
```

மின்சார யூனிட் தெரியவில்லை என்றால் பூஜ்யம் என்று வைத்துக்கொள் என்பதுதான் இந்த வரி சொல்வது. வாடகை வீட்டில் இருப்பவருக்கு மின் இணைப்பு எண் வீட்டுக்காரரிடம் இருக்கும், அதனால் கட்டம் காலியாக இருக்கும். நிரல் அவரை மின்சாரமே பயன்படுத்தாதவர் என்று எடுத்துக்கொண்டு ‘தகுதி உண்டு’ என்கிறது. அவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மனு கொடுக்கப் போகிறார். பிறகு நிராகரிப்பு வந்தால், நம்மிடம் வந்து “நீங்கதானே கிடைக்கும்னு சொன்னீங்க” என்று கேட்பார்.

தரவுத்தளத்தில் பட்டியல் எடுப்பவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. இந்த இரண்டு கேள்விகளையும் பாருங்கள்:

```sql
SELECT * FROM manu WHERE units < 3600;
SELECT * FROM manu WHERE NOT (units < 3600);
```

ஒன்று தகுதியானவர் பட்டியல், மற்றது தகுதியற்றவர் பட்டியல் என்று தோன்றும். இரண்டையும் கூட்டினால் மொத்த மனுக்கள் வர வேண்டும் அல்லவா? வராது. `units` காலியாக, அதாவது `NULL` ஆக இருக்கும் மனு இரண்டிலுமே வராது. தரவுத்தளம் தனக்குள் ‘தெரியாது’ என்று சரியாகத்தான் முடிவெடுக்கிறது. ஆனால் `WHERE` என்பது ‘உண்மை’ என்று உறுதியானதை மட்டுமே வெளியே விடும். அந்தப் பெண்ணின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் போய்விடும். இரண்டு பட்டியலின் எண்ணிக்கையைக் கூட்டி மொத்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்க. குறைந்தால், அங்கே யாரோ காணாமல் போயிருக்கிறார்கள்.

சரி, மூன்றாவது முடிவை எப்படிச் சேர்ப்பது? “ஏதாவது கட்டம் காலியாக இருந்தால் ‘தகவல் போதவில்லை’ என்று சொல்லிவிடலாம்” என்று தோன்றும். அது சோம்பேறித்தனமான வழி. அப்படிச் செய்தால் பாதிப் பேரைத் தேவையில்லாமல் தாலுகா அலுவலகத்துக்கு அலைய விடுவோம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: தெரியாத விவரம் என்னவாக இருந்தாலும் முடிவு மாறாதா?

நிலத்திலேயே பார்ப்போம். எளிமைக்காக நிலம் முழுவதும் ஒரே வகை என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 4 ஏக்கர், வகை தெரியாது. நன்செய் என்றாலும் 5-க்குக் குறைவு, புன்செய் என்றாலும் 10-க்குக் குறைவு. வகை தெரியாமலே தகுதி உறுதி. இன்னொருவருக்கு 12 ஏக்கர். எந்த வகையானாலும் வரம்பைத் தாண்டிவிட்டது. வகை தெரியாமலே தகுதி இல்லை. 5 முதல் 10-க்குள் இருப்பவருக்கு மட்டும்தான் வகை தேவை. இதை நிரலில் எழுதினால்:

```python
def nilam(acre, vagai):
    if acre is None:       return "INSUFFICIENT"
    if acre < 5:           return "PASS"
    if acre >= 10:         return "FAIL"
    if vagai == "punjai":  return "PASS"
    if vagai == "nanjai":  return "FAIL"
    return "INSUFFICIENT"
```

கடைசி வரியைக் கவனியுங்கள். வகை காலியாக இருந்தாலும், எழுத்துப் பிழையோடு இருந்தாலும் அந்த வரிக்குத்தான் வரும். “புன்செய் இல்லையென்றால் நன்செய்” என்று எழுதியிருந்தால், ஒரு தட்டச்சுப் பிழை ஒருவரின் தகுதியைப் பறித்திருக்கும்.

மின்சாரத்துக்கும் இதே யோசனைதான். நம் மாநிலத்தில் வீட்டு மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, ஆண்டுக்கு ஆறு கணக்கு. ஒருவரிடம் நான்கு கணக்குதான் இருக்கிறது, கூட்டினால் 3700 யூனிட். மீதி இரண்டையும் தேட வேண்டியதில்லை. கூட்டல் இனி குறையப் போவதில்லை, வரம்பு தாண்டியாகிவிட்டது. அதே நான்கு கணக்கு 1900 யூனிட் என்றால்? மீதி இரண்டில் என்ன வந்தது என்று தெரியாது. இதுதான் உண்மையான ‘தகவல் போதவில்லை’. நான்கின் சராசரியைப் போட்டு ஆறுக்கு நீட்டுவது ஊகம். விட்டுப்போன இரண்டும் கோடை மாதங்களாக இருந்தால் அந்தச் சராசரி நம்மைக் கவிழ்த்துவிடும்.

அடுத்து, தனித்தனி விதிகளின் முடிவுகளைச் சேர்ப்பது. எல்லா விதியும் நிறைவேற வேண்டிய திட்டம் என்றால், வரிசை இப்படி:

```python
def mudivu(v):
    if "FAIL" in v:          return "FAIL"
    if "INSUFFICIENT" in v:  return "INSUFFICIENT"
    return "PASS"
```

ஒரு விதி உறுதியாக இல்லை என்றாகிவிட்டால், மற்ற விதிக்கு ஆவணம் கேட்டு அலைய விடுவதில் அர்த்தம் இல்லை. அதனால் ‘இல்லை’ முதலில். அடுத்தது ‘போதவில்லை’. எல்லாமே உறுதி என்றால் மட்டும் ‘உண்டு’. இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. மூன்று மதிப்பு கொண்ட இந்தத் தர்க்கத்தை ஸ்டீபன் கிளீனி என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 1938-லேயே எழுதிவிட்டார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. காலி வேறு, பூஜ்யம் வேறு. நிலமே இல்லாத குடும்பம் நிலக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடும். நிரல் ‘தகவல் போதவில்லை’ என்று சொல்லும். நிலமில்லாதவரிடம் சிட்டா கொண்டு வா என்றால் அவர் எங்கே போவார்? அதனால் படிவத்தில் ‘நிலம் இல்லை’ என்று தனியாக ஒரு கட்டம் வையுங்கள். அதைத் தேர்ந்தெடுத்தால் பூஜ்யம். எதையும் தொடவில்லை என்றால் மட்டும் காலி. இந்த ஒரு மாற்றத்தைச் செய்யாமல் மூன்றாவது முடிவைச் சேர்த்தால், ஏழைகள்தான் முதலில் மாட்டிக்கொள்வார்கள்.

‘தகவல் போதவில்லை’ என்று மட்டும் திரையில் காட்டி நிறுத்தவும் கூடாது. எந்த விதி, எந்த விவரம், எந்தக் காகிதத்தில் கிடைக்கும் என்ற மூன்றும் சேர்ந்து வர வேண்டும். அந்த 7 ஏக்கர் அம்மாவுக்கு வர வேண்டிய செய்தி: “நிலத்தின் வகை தேவை. சிட்டாவில் இருக்கும். பட்டா எண் அல்லது புல எண் சொன்னால் இங்கேயே பார்க்கலாம்.” சிட்டாவை `eservices.tn.gov.in` தளத்தில் அந்த நிமிடமே எடுத்துவிடலாம். அதில் பரப்பு ஹெக்டேரில் இருக்கும், ஒரு ஹெக்டேர் ஏறக்குறைய 2.47 ஏக்கர். அவருக்கு ஒரு பஸ் செலவு மிச்சம்.

‘இல்லை’ என்ற முடிவுக்கும் ‘போதவில்லை’ என்ற முடிவுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரியும். இந்தத் திட்டத்தில் நிராகரிக்கப்பட்டவர்கள் 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று வைத்திருந்தார்கள். மேல்முறையீடு என்பது முடிவு தவறு என்று வாதாடும் வழி. ஒரு காகிதம் இல்லாதவருக்கு வாதாட எதுவும் இல்லை, அந்தக் காகிதத்தைக் காட்டினால் போதும். இரண்டு பேரையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் வரிசைதான் நீளும். அதே நேரம், ‘போதவில்லை’ என்று வைத்த மனு அப்படியே தூங்கிவிடும் ஆபத்தும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி போட்டு, அந்தத் தேதியில் கூப்பிட்டுக் கேளுங்கள்.

உங்கள் நிரல் ஊகிக்கிறதா என்று கண்டுபிடிக்க இரண்டு சோதனை போதும். முதலாவது, எதையுமே நிரப்பாமல் பொத்தானை அழுத்துங்கள். ‘உண்டு’ என்றோ ‘இல்லை’ என்றோ வந்தால் ஊகிக்கிறது. இரண்டாவது, முழுதாக நிரப்பிய ஒரு மனுவை எடுத்து, ஒவ்வொரு கட்டமாக அழித்துப் பாருங்கள். முடிவு அப்படியே இருக்கலாம், அல்லது ‘போதவில்லை’ என்று மாறலாம். ‘உண்டு’ என்பது ‘இல்லை’ ஆகவோ, ‘இல்லை’ என்பது ‘உண்டு’ ஆகவோ ஒருபோதும் மாறக் கூடாது. மாறினால், எந்தக் கட்டத்தை அழித்தபோது மாறியதோ, அந்தக் கட்டத்தைப் படிக்கும் வரியில்தான் ஊகம் ஒளிந்திருக்கிறது. அங்கே போய் அந்த `or 0`-வை எடுத்துவிடுங்கள்.