கஞ்சி கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து...

(நமது சங்கத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். படித்தது பி.காம். மருத்துவம் பேச எனக்குத் தகுதி கிடையாது. ஆனாலும் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நம் குடியிருப்பில் பாதிப் பேர் சிப்காட்டில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள். குழந்தைக்குக் காலையில் ஊட்டுவது பாட்டி, மதியம் பார்த்துக்கொள்வது தாத்தா, சாயங்காலம் வாங்கிக்கொள்வது அம்மா. இப்படிக் கை மாறும்போதுதான் நான் சொல்லப்போகும் விஷயம் கண்ணில் படாமல் போகிறது.

என் பேரனுக்கு ஆறு மாதம் முடிந்ததும் பச்சரிசியை வறுத்து உடைத்துக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தோம். முதல் இரண்டு நாள் ஒரு ஸ்பூன்தான். ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அரைக் கிண்ணம் சாப்பிட்டான். சிரித்து விளையாடிவிட்டுத் தூங்கினான். பன்னிரண்டே காலுக்கு எழுந்து வாந்தி எடுத்தான். ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு முறை. பிறகு துவண்டு தூங்கிவிட்டான். சாயங்காலம் பழையபடி ஆகிவிட்டான். வெயில் சூடு என்று விட்டுவிட்டோம்.

பத்து நாள் கழித்து மறுபடியும் அதே கதை. இந்த முறை உறவினர் ஒருவர் "குடலேற்றம், வயிற்றைத் தடவி இறக்க வேண்டும்" என்றார். இன்னொருவர் தொக்கம் எடுக்கச் சொன்னார். என் மனைவி இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. டாக்டரிடம் போனோம். வயிற்றில் கிருமித் தொற்றாக இருக்கலாம் என்று மருந்து எழுதினார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு தடவை வாந்தியைப் பார்ப்பவருக்கு அப்படித்தான் தோன்றும்.

மூன்றாம் முறை பயந்துவிட்டோம். பதினொரு மணிக்குக் கஞ்சி, ஒன்றே காலுக்கு வாந்தி. எட்டு முறைக்கு மேல். உதடு வெளுத்து, கை கால் சில்லிட்டு, தூக்கினால் துணி மாதிரி தொங்கினான். ஓசூருக்குக் கொண்டு போனோம். உடனே டிரிப் ஏற்றினார்கள். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் கூடியிருந்ததால், ரத்தத்தில் தொற்றோ என்று சந்தேகப்பட்டார்கள். ஆனால் காய்ச்சல் இல்லை, வீட்டில் வேறு யாருக்கும் வயிறு கெடவில்லை. நாலைந்து மணி நேரத்தில் பையன் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

அங்கிருந்த குழந்தைகள் டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். "வாந்திக்கு முன்னால் ஒரு மணியிலிருந்து நாலு மணி நேரத்துக்குள் என்ன கொடுத்தீர்கள்?" என் மனைவி, "புதுசா ஒண்ணும் இல்லைங்க, வெறும் அரிசிக் கஞ்சிதான்" என்றாள். அரிசியை யார் சந்தேகப்படுவார்கள்?

அன்றிரவு பழைய வழக்கப்படி ஒரு நோட்டில் கோடு போட்டேன். தேதி, நேரம், கொடுத்தது, அளவு, வாந்தி வந்த நேரம். மனைவியும் மருமகளும் ஞாபகப்படுத்திச் சொல்லச் சொல்ல எழுதினேன். கேழ்வரகுக் கூழ் கொடுத்த நாட்களில் ஒன்றும் இல்லை. வாழைப்பழம் கொடுத்த நாட்களில் ஒன்றும் இல்லை. அரைக் கிண்ணம் கஞ்சி கொடுத்த மூன்று நாளும், இரண்டு இரண்டேகால் மணி நேரத்தில் வாந்தி. காலையில் நோட்டைப் பார்த்ததும் டாக்டர் பெயர் சொன்னார்: ஃபுட் புரோட்டீன் இண்ட்யூஸ்டு என்டரோகோலைட்டிஸ் சிண்ட்ரோம். சுருக்கமாக எஃப்பைஸ் என்பார்களாம்.

இது நமக்குத் தெரிந்த அலர்ஜி மாதிரி இல்லை. அந்த அலர்ஜியில் சாப்பிட்ட சில நிமிடங்களில் தடிப்பு, முக வீக்கம், மூச்சுத் திணறல் வரும். இதில் தோலிலும் மூச்சிலும் ஒன்றும் தெரியாது. குடல்தான் எதிர்க்கிறது, அதுவும் தாமதமாக. ஒன்று முதல் நாலு மணி நேரத்தில் விடாத வாந்தி, வெளுப்பு, துவளல். சில குழந்தைகளுக்கு ஐந்து முதல் பத்து மணி நேரம் கழித்து வயிற்றுப்போக்கும் வரும். வழக்கமான அலர்ஜி ரத்தப் பரிசோதனையும் தோல் பரிசோதனையும் பெரும்பாலும் இதைக் காட்டாது. ஆகவே ரிப்போர்ட் நார்மல் என்றால் இது இல்லை என்று அர்த்தமில்லை. உணவும் நேரமும் எழுதிய கணக்குதான் டாக்டருக்கு முக்கியமான சாட்சி.

அரிசியா என்று உங்களுக்கும் ஆச்சரியமாக இருக்கும். ஆஸ்திரேலியாவில் சிட்னி டாக்டர்கள் 2009-இல் 35 குழந்தைகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அவர்களில் 14 பேருக்குக் காரணம் அரிசிதான். அடுத்தது சோயா, அதற்கடுத்து பசும்பால். சரியான காரணம் தெரிவதற்குள் பல குழந்தைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை இது வந்திருந்தது. வேறு நாடுகளில் முட்டையும் மீனும் முன்னால் நிற்கின்றன.

இதைக் கேட்டுவிட்டு வீட்டில் எல்லாச் சாப்பாட்டையும் நிறுத்திவிடாதீர்கள். எங்களுக்கு நிறுத்தச் சொன்னது அரிசி ஒன்றை மட்டும். தாய்ப்பால் குடித்து நன்றாக இருந்ததால், மருமகள் சோறு சாப்பிடத் தடையில்லை என்றார் டாக்டர். ஒரு தானியம் ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு இன்னொன்றும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அதனால் புதிய தானியத்தை டாக்டரைக் கேட்டு, ஒவ்வொன்றாக, கொஞ்சமாக, பகல் நேரத்தில் கொடுத்தோம். இட்லி, தோசை, பொரி, கடை சத்து மாவு எல்லாவற்றிலும் அரிசி ஒளிந்திருக்கிறது. அக்கம்பக்கத்தில் ஆசையாக ஊட்டுகிறவர்களிடமும் சொல்லி வைத்தோம்.

இது மாதிரி வாந்தி வந்தால், குழந்தை விழிப்பாக இருந்து ஓரிரு முறையோடு நின்றால் தாய்ப்பாலோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக் கவனிக்கலாம். திரும்பத் திரும்ப வாந்தி, வெளுப்பு, துவளல் என்றால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். ஓசூரோ கிருஷ்ணகிரியோ, இங்கிருந்து அரை மணி நேரமாவது ஆகும். "இந்த உணவு, இந்த நேரம்" என்று எழுதிய சீட்டைக் கையில் கொண்டு போங்கள். தேவைப்படுவது பெரும்பாலும் டிரிப்தான். வாந்தி நிறுத்தும் ஊசியை டாக்டர் முடிவு செய்வார். அலர்ஜி சிரப் இதை நிறுத்தாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாந்தி பச்சை நிறத்தில் வந்தாலோ, மலத்தில் ரத்தம் இருந்தாலோ, வயிறு உப்பி விட்டு விட்டு வீறிட்டு அழுதாலோ, அது குடல் முறுக்கல், குடல் செருகல் போன்ற அறுவைச் சிகிச்சைக் காரியமாக இருக்கலாம். அப்போது உணவுக் கணக்குப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. வயிற்றை அழுத்தித் தடவவும் கூடாது.

பெரும்பாலான குழந்தைகளுக்கு இது சில வருடங்களில் தானாகவே விட்டுப்போகிறது. போய்விட்டதா என்று வீட்டில் சோதிக்கக் கூடாது. பேரனுக்கு இரண்டு வயது தாண்டியதும் பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் சோதித்தார்கள். அளந்த சாதத்தை மூன்று பங்காக்கி அரை மணி நேரத்துக்குள் ஊட்டிவிட்டு, டிரிப் ஏற்றத் தயாராக வைத்துக்கொண்டு, ஆறு மணி நேரம் உட்கார வைத்தார்கள். இரண்டு மணி நேரம் ஆனபோது நாங்கள் யாரும் பேசவில்லை. மூன்று மணி நேரம் ஆனது. பையன் கட்டிலுக்கு அடியில் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். வாந்தி வரவில்லை.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. உங்கள் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இப்படி ஒன்றைச் சமையலறையில் தொங்கவிடுங்கள். ஊட்டுகிறவர் யாரோ அவரே நேரத்தோடு எழுதட்டும். ஷிப்ட் முடிந்து வருகிற அம்மாவுக்கும் அது உதவும்.