அசையும் படத்தில் ஒரு முகச்சாயல்

மறைந்த ஒருவரின் உருவப்படத்தை வரையச் சொல்லும் குடும்பத்தினரிடம் நல்ல ஒளிப்படம் ஒன்றும் இல்லாமல், கைப்பேசியில் எடுத்த சிறு காணொளி மட்டுமே இருக்கும் நிலையில், ஓவியர் அதிலிருந்துதான் சாயலைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வினாடிக்கு 30 சட்டகங்கள், அதாவது தனித்தனி அசையாப் படங்கள், பதிவாகும் 20 வினாடிக் காணொளியில் 600 படங்கள் இருந்தாலும், அவற்றுள் வரைவதற்கு உதவுபவை ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கிவிடுவதுண்டு.

இதற்குக் காரணம் ஒளியே. குழல்விளக்கு மட்டும் எரியும் அறையில் ஒவ்வொரு சட்டகத்துக்கும் கேமரா ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு வினாடி திறந்திருக்கிறது என்றும், பேசுபவரின் தலை வினாடிக்கு 300 படப்புள்ளிகள் நகர்கிறது என்றும் கொண்டால், அந்த இடைவெளியில் முகம் 10 புள்ளிகள் தள்ளிப்போய்விடும். இமைமயிரோ ஓரிரு புள்ளி அகலமே உடையதாதலால் அது தடமின்றிக் கரைந்துவிடும். இந்த அசைவுக் கலங்கலைக் கண்மணியில் மின்னும் விளக்கொளியைக் கொண்டு அறியலாம்: ஒளிப்பொட்டு கோடாக இழுபட்டிருந்தால் தலை அசைந்திருக்கிறது, எல்லாப் பக்கமும் ஒரேபோலப் பரவி, பின்சுவர் மட்டும் கூர்மையாக இருந்தால் குவியம் தவறியிருக்கிறது. முன்னதற்கு அடுத்த சட்டகங்களில் விடிவு உண்டு. பின்னது பல வினாடிகள் நீடிக்கக்கூடும்.

ஆகவே தலை ஒரு பக்கம் திரும்பி, மறுபக்கம் திரும்புமுன் நிலைக்கும் கணத்தையும், ஒரு வாக்கியம் முடிந்து மூச்சு வாங்கும் கணத்தையும் தேடுவதே குறுக்குவழி. கணினியில் VLC செயலியில் காணொளியை நிறுத்தி, E விசையை அழுத்தி ஒவ்வொரு சட்டகமாக நகர்ந்து, தேர்ந்ததை PNG வடிவில், அதாவது தரம் மேலும் குறையாமல், சேமிக்கலாம். வாட்ஸ்அப் வழியே வந்த பிரதி பெரும்பாலும் ஏற்கெனவே சுருக்கப்பட்டதாகையால், எடுத்த கைப்பேசியிலுள்ள மூலக்கோப்பையே கேட்டுப் பெறுவது நல்லது.

கூர்மையை எண்ணாக அளக்கும் முறையும் உண்டு. அடுத்தடுத்த புள்ளிகளின் வெளிச்ச வேறுபாட்டைக் கணக்கிட்டு, அது மிகுந்த சட்டகத்தை மென்பொருள் முன்னே நிறுத்தும். ஆனால் இருட்டில் எழும் புள்ளிமணல் போன்ற இரைச்சலும், பின்னாலுள்ள பூவேலைத் திரையும் அதே எண்ணை உயர்த்திவிடுவதால், முகத்தை மட்டும் வெட்டி அளந்து, ஒரே காணொளிக்குள் மட்டுமே ஒப்பிட வேண்டும்.

அப்படியும் முதலிடம் பெறும் சட்டகம் பாதி மூடிய இமையோடு, சொல்லின் நடுவே கோணிய உதட்டோடு இருப்பது வழக்கம். வீட்டாருக்கு அது அந்த மனிதராகவே தெரியாது. எனவே முதல் இருபதை அவர்களிடம் காட்டி, சற்றே கூர்மை குறைந்தாலும் அவர்கள் தயங்காமல் அடையாளம் காணும் ஒன்றைச் சாயலுக்கும், மிகக் கூர்மையான வேறொன்றை இமை, காதுமடல், நெற்றிச் சுருக்கம் ஆகியவற்றின் நுட்பத்துக்கும் ஓவியர் அருகருகே வைத்துக்கொள்வார்.