மகப்பேறு விடுப்புக்குப் பின் ஆள்சேர்ப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல்

நிறுவனங்களுக்குத் தகுதியானவர்களைத் தேடித் தரும் ஆள்சேர்ப்பாளர், ஒரே நாளில் பல விண்ணப்பங்களைப் பார்க்க வேண்டியவர். ஆதலால் அவர் முதலில் தேடுவது அனுபவ ஆண்டுகள், ஊர், எதிர்பார்க்கும் ஊதியம், சேரக்கூடிய நாள் ஆகிய நான்கு விவரங்களையே ஆகும். மகப்பேற்றுக்காக வேலையிலிருந்து விலகியிருந்து மீண்டும் வேலை தேடும் பெண் எழுதும் மின்னஞ்சல் பெரும்பாலும் தடுமாறுவது, இவற்றுள் முதலாவதான அனுபவக் கணக்கில்தான்.

இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டபோது, முதல் இரு குழந்தைகளுக்கான ஊதியத்துடன் கூடிய விடுப்பு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தப்பட்டது. இந்த விடுப்பில் இருக்கும் பெண் அந்த நிறுவனத்தின் ஊழியராகவே நீடிக்கிறார். அவருடைய பணிக்காலம் அதனால் அறுபடுவதில்லை. ஆனால் பலர், அலுவலகத்துக்குக் கடைசியாகச் சென்ற நாளையே வேலையின் முடிவாக நினைத்துக்கொண்டு, தம் அனுபவத்தைத் தாமே குறைத்து எழுதிவிடுகின்றனர்.

சென்னையில் மென்பொருள் சோதனைப் பொறியாளராக 2018 ஜூன் 1 அன்று வேலையில் சேர்ந்த ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவர் 2023 ஜனவரி 2 அன்று மகப்பேறு விடுப்பில் சென்றார். 26 வாரங்கள், அதாவது 182 நாட்கள், ஜூலை 2இல் நிறைவுற்றன. பின்னர் வேலையை விட முடிவு செய்து, முன்னறிவிப்புக் காலத்தையும் முடித்து, ஆகஸ்ட் 31 அன்று விடுவிக்கப்பட்டார். விடுப்பில் சென்ற நாளோடு கணக்கை நிறுத்தினால் அவருடைய அனுபவம் 4 ஆண்டு 7 மாதம். விடுவிப்பு நாள் வரை எண்ணினால் 5 ஆண்டு 3 மாதம். ஐந்து முதல் ஏழு ஆண்டு அனுபவம் கேட்கும் பணியிடத்துக்கு ஆள்சேர்ப்பாளர் தேடும்போது, முதல் கணக்கை எழுதியவருடைய பெயர் தேடல் பட்டியலில் வராமலே போய்விடும். அவர் 2025 ஜூலைத் தொடக்கத்தில் எழுதுவாரானால், இடைவெளி இரண்டரை ஆண்டு அன்று, 22 மாதமே.

விடுவிப்பு நாள் வரை எண்ணுவதில் இன்னொரு பயனும் உண்டு. வேலை உறுதியாகும் கட்டத்தில், விண்ணப்பத்தில் உள்ள தேதிகளை விடுவிப்புக் கடிதத்துடனும் வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் பதிவான சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகியவற்றுடனும் ஒப்பிடுவது வழக்கம். இதுவே பின்னணிச் சரிபார்ப்பு எனப்படுகிறது. ஆகவே எழுதுவதற்கு முன்பே அந்தக் கடிதத்தையும் வைப்பு நிதிப் பதிவையும் எடுத்து வைத்து, அவற்றிலுள்ள தேதிகளையே மின்னஞ்சலிலும் எழுத வேண்டும். கடிதமும் பதிவும் முரண்பட்டால், பழைய நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிடம் கேட்டு முதலில் திருத்திக்கொள்வதே முறை.

மின்னஞ்சலின் தலைப்பு வரியிலேயே பதவி, அனுபவம், ஊர், சேரும் காலம் ஆகியவை இடம்பெறலாம்: ‘மென்பொருள் சோதனைப் பொறியாளர், 5 ஆண்டு 3 மாதம், சென்னை, 15 நாளில் சேரலாம்’ என்பது போல. இடைவெளியைப் பற்றி மின்னஞ்சலின் உட்பகுதியில் ஒரே வாக்கியம் போதும்: ‘2023 செப்டம்பர் முதல் குழந்தை வளர்ப்புக்காக வேலையிலிருந்து விலகியிருந்தேன், இப்போது முழுநேரப் பணிக்குத் தயாராக உள்ளேன்.’ மன்னிப்புக் கோருவதும், பிரசவ விவரங்களைச் சொல்வதும், குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்காமலே விளக்குவதும் தேவையற்றவை. அவை ஊழியரின் தகுதியைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

அந்த வாக்கியத்துக்கு அடுத்து வர வேண்டியது, தொழில் அறிவு பழையதாகிவிட்டதோ என்னும் ஐயத்துக்கான விடை. பயிற்சி வகுப்பின் சான்றிதழைவிடச் செய்து காட்டிய வேலைக்கே இங்கு மதிப்பு அதிகம்: புதிய தானியங்கிச் சோதனைக் கருவி ஒன்றைக் கற்று, ஓர் இணையதளத்தின் உள்நுழைவுப் பக்கத்துக்குச் சோதனைகள் எழுதி, அதைப் பொதுவில் பார்க்கும்படி வைத்து இணைப்பு கொடுத்தால், ஆள்சேர்ப்பாளர் அதைத் தொழில்நுட்பக் குழுவுக்கு அப்படியே அனுப்ப முடியும்.

வேலை நேரத்தில் உண்மையான வரம்பு இருந்தால், அதை மறைப்பது பின்னர் இரு தரப்பையும் வருத்தும். இரவுப் பணி இயலாது, வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் வர முடியும் என்பது போன்றவற்றை முதல் மின்னஞ்சலிலேயே எழுதிவிடலாம். ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி அளிக்க வேண்டும் என்பதும் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த விதியே. காப்பகம் எங்கே இருக்கிறது, எந்த நேரத்தில் இயங்குகிறது என்று நேர்காணலுக்குப் பின் தயங்காமல் கேட்கலாம்.

ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால், அதே மின்னஞ்சலின் தொடர்ச்சியாக இரண்டு வரியில் ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அதை எழுதும் முன், அனுபவ ஆண்டு விடுவிப்பு நாள் வரை எண்ணப்பட்டிருக்கிறதா என்று இன்னொரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.