விலை அறிந்த செய்தி



மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் முகூர்த்த நாட்களில் மல்லிகை விலை ஏறும் என்பது நீங்கள் அறிந்ததே. முகூர்த்தம் எந்த நாளில் என்பதைப் பஞ்சாங்கம் ஓராண்டுக்கு முன்பே சொல்லிவிடுகிறது. எல்லோரும் அறிந்த செய்தியாயிருந்தும் விலை முன்கூட்டியே ஏறாததன் காரணம் என்ன? காலையில் பறித்த மொட்டை அன்றே விற்றாக வேண்டும்; இன்று வாங்கி அடுத்த வாரம் விற்க இயலாது. கம்பெனிப் பங்கு அப்படியன்று. அதை வாங்கி வைத்திருக்கலாம். நாளை விலை ஏறும் என்பது உறுதியானால் இன்றே பலர் வாங்குவர். ஏறவேண்டிய விலை இன்றே ஏறிவிடும்.

இந்த எண்ணத்தை அமெரிக்கப் பொருளியல் அறிஞர் யூஜீன் ஃபாமா 1970ஆம் ஆண்டில் மூன்று படிகளாக வகுத்தார். பழைய விலைகளின் போக்கு முழுவதும் இன்றைய விலையில் அடங்கியிருப்பது முதற்படி. வெளியிடப்பட்ட எல்லாச் செய்தியும் அடங்கியிருப்பது இரண்டாம் படி. மறைவான செய்தியும் அடங்கியிருப்பது மூன்றாம் படி. நடுவிலுள்ள இரண்டாம் படியை ‘அரைவலுத் திறன்’ எனலாம். அது உண்மைதானா என்று சோதிக்கும் முறையே நிகழ்ச்சி ஆய்வு.

ஓர் உதாரணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஹைதராபாத்திலிருந்த சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, 2009 ஜனவரி 7ஆம் நாள் ஒரு கடிதம் வெளியிட்டார். கணக்கேடுகளில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என்று அதில் ஒப்புக்கொண்டார். முதல் நாள் மும்பைச் சந்தையில் 179 ரூபாய் 10 காசாக இருந்த பங்கு, அன்று மாலை 39 ரூபாய் 95 காசில் நின்றது. முந்திய நாள் இட்ட நூறு ரூபாய் 22 ரூபாய் 31 காசாகச் சுருங்கிற்று.

இந்த இழப்பு முழுவதையும் கடிதத்தின் கணக்கில் எழுதலாமா? கூடாது. அன்று சென்செக்ஸ் குறியீடும் 7.25 விழுக்காடு வீழ்ந்தது. சந்தையோடு ஒத்து நடக்கும் பங்கு என்று கொண்டால், நூறு ரூபாய் 92 ரூபாய் 75 காசாக நின்றிருக்க வேண்டும். அதிலிருந்து 22.31ஐக் கழித்தால் மிஞ்சுவது 70.44. அதாவது, சந்தையின் பொதுவான வீழ்ச்சியை நீக்கிய பின் 70.44 விழுக்காடு இழப்பு. இதனையே ‘இயல்பு கடந்த ஈட்டம்’ என்கிறோம். இங்கே அதன் குறி கழித்தல்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்நாளில் சத்யம் பங்கும் சென்செக்ஸில் ஓர் உறுப்பு. அன்றியும் கடிதத்தின் அதிர்ச்சியே மற்றப் பங்குகளையும் உலுக்கியது. அளவுகோலையே நிகழ்ச்சி வளைத்துவிட்டபடியால், கடிதத்தின் உண்மையான விளைவு நம் கணக்கைவிடப் பெரிதாகவே இருக்கும்.

இனி இந்த எண் எதை உணர்த்துகிறது என்று காண்போம். நிகழ்ச்சி நாளில் பெரிய வீழ்ச்சி வந்தால், செய்தி சந்தைக்குப் புதிது என்று பொருள். நிகழ்ச்சிக்கு முன்பே இயல்பு கடந்த அசைவு தென்பட்டால், செய்தி கசிந்திருக்கலாம், அல்லது பிறர் ஊகித்திருக்கலாம். நிகழ்ச்சிக்குப் பின்னும் அதே திசையில் பல நாள் நகர்ந்தால், வெளியான செய்தியைச் சந்தை மெதுவாகவே செரித்தது என்று பொருள். அரைவலுத் திறனுக்கு அதுவே எதிர்ச்சான்று.

சத்யம் பங்கு அடுத்த வணிக நாளான ஜனவரி 9ஆம் நாளும் ஏறத்தாழ 40 விழுக்காடு வீழ்ந்தது. அது எதிர்ச்சான்றாகுமா? அவசரப்படலாகாது. அந்த இடைவேளையில் நிறுவனத்தின் எதிர்காலம் பற்றிப் புதுப்புதுச் செய்திகள் வந்துகொண்டிருந்தன. எது பழைய செய்தியின் எச்சம், எது புதுச் செய்தியின் விளைவு என்பதை ஒரே நிகழ்ச்சியைக் கொண்டு பிரித்தறிய முடியாது. எனவேதான் ஃபாமாவும் அவர் தோழர் மூவரும், 1969இல் வெளியிட்ட ஆய்வில், பங்குகளைப் பிரித்துப் பெருக்கிய 940 நிகழ்ச்சிகளைச் சேர்த்துச் சராசரி கண்டனர். பிரிப்பு நிகழும் மாதம்வரை இயல்பு கடந்த ஈட்டம் திரண்டு ஏறிற்று; பின்னர்ச் சராசரி ஏறக்குறைய சமநிலையில் நின்றது. சந்தை முன்னமே செரித்துவிட்டது என்பது அதன் கருத்து.

இயல்பான ஈட்டம் எவ்வளவு என்று நாம் கொண்ட அளவே பிழையானால், விடையும் பிழையாகும் என்பதை மறவாதீர்கள். ஆகவே, இச்சோதனை சந்தையின் திறனை மட்டும் சோதிப்பதன்று. நம் அளவுகோலையும் உடன்சேர்த்தே சோதிக்கிறது.

இறுதியாக ஒன்று. ஜனவரி 6ஆம் நாள் இருந்த 179 ரூபாய் தவறான விலையா? வெளியான கணக்குகளை நம்பியே அவ்விலை அமைந்தது, கணக்கே பொய். அரைவலுத் திறன் வாய்ந்த சந்தை வெளிப்பட்ட செய்தியைப் பிரதிபலிக்கும் கண்ணாடி. செய்தி பொய்யாயிருந்தால், கண்ணாடியும் அந்தப் பொய்யைத்தான் காட்டும். அன்று வீழ்ந்த 70 விழுக்காடு, அதுவரை நம்பப்பட்ட பொய்யின் எடையைச் சந்தை ஒரே நாளில் நிறுத்துக் காட்டிய அளவாகும்.